இரண்டு கப் மைதா: ஓர் அமெரிக்க கேக் செய்முறை ரஷ்யமொழிக்குப் போனபோது நடந்தவை

## பின்னணி

அமெரிக்காவில் வாழும் ஒரு தம்பதி. மனைவி அங்கேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் ரஷ்யாவின் வரோனெஷ் நகரில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரில் ஒருவருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய அத்தை இன்னும் வரோனெஷில் இருக்கிறார். ஒருமுறை அமெரிக்கா வந்திருந்த அத்தை, மனைவி செய்து கொடுத்த ஒரு கேக்கை மிகவும் விரும்பிச் சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பியதும் செய்முறையை ரஷ்யமொழியில் எழுதி அனுப்பும்படி கேட்டார்.

கணவர் வீட்டில் ரஷ்யமொழி பேசுபவர். ஆனால் ரஷ்யமொழியில் ஒரு சமையல் புத்தகத்தைக்கூட வாசித்ததில்லை. அவரே மொழிபெயர்த்து அனுப்பினார். கேக் சரியாக வரவில்லை. அதன் பிறகுதான் இது என்னிடம் வந்தது. நான் ரஷ்யாவில் படித்தவன். அங்கே விடுதிச் சமையலறையில் பல ஆண்டுகள் ரஷ்யப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்தவன். இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கும் மூன்று கேக்குகளுக்கும் இடையே நடந்ததை, சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

## அட்டையில் இருந்தது

செய்முறை மனைவியின் பாட்டி கையால் எழுதிய ஓர் அட்டை. ‘சவர் கிரீம் காபி கேக்’ என்று தலைப்பு. இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, அரை கப் வெண்ணெய், இரண்டு முட்டை, எட்டு அவுன்ஸ் சவர் கிரீம், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் வனிலா. மேலே தூவுவதற்கு அரை கப் பழுப்புச் சர்க்கரை, பட்டைத்தூள், நான்கு அவுன்ஸ் பீக்கன் கொட்டை. ஒன்பது அங்குலச் சதுர டின்னில், 350 பாகையில் நாற்பது நிமிடம்.

செய்முறை வரிகள் ஆறே. வெண்ணெயையும் சர்க்கரையையும் ‘கிரீம்’ செய். முட்டைகளை ஒவ்வொன்றாக ‘பீட்’ செய். மைதாவையும் சவர் கிரீமையும் மாறி மாறி ‘ஃபோல்டு’ செய். தூவு. சுடு. குத்திய குச்சி சுத்தமாக வெளிவரும்வரை வை.

இதில் ஒரு நல்வாய்ப்பும் இருந்தது. சவர் கிரீம் என்பதற்குச் சமமான பொருளை ரஷ்யாவில் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ரஷ்யக் கடைகளில் 20 சதவீத ‘ஸ்மெதானா’ எங்கும் கிடைக்கிறது. வேறு எந்த அமெரிக்க கேக்கானாலும் மோர் வகைக்கோ கிரீம் சீஸுக்கோ மாற்றுத் தேடி அலைந்திருப்போம்.

## முதல் மொழிபெயர்ப்பும் முதல் கேக்கும்

கணவர் ‘கப்’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘ஸ்தகான்’ என்று எழுதினார். ஸ்தகான் என்றால் கண்ணாடி டம்ளர். ரஷ்ய வீடுகளில் சமையல் அளவு என்றால் அதுதான். கப் என்பதற்கு நேரான ‘சாஷ்கா’ தேநீர்க் கோப்பையைக் குறிக்கும். அதைக்கொண்டு யாரும் மாவு அளப்பதில்லை. ஆக, சொல்லைப் பொறுத்தவரை அவர் தேர்ந்தது இயல்பானதுதான்.

அவுன்ஸுக்கு அவர் ஒரு கணக்குப் போட்டார். ‘எட்டு அவுன்ஸ் ஒரு கப்’ என்று அமெரிக்கப் பள்ளியில் படித்தது நினைவில் இருந்தது. எனவே எட்டு அவுன்ஸ் சவர் கிரீம் ஒரு ஸ்தகான் ஸ்மெதானா ஆயிற்று. நான்கு அவுன்ஸ் கொட்டை அரை ஸ்தகான் ஆயிற்று.

வெண்ணெயையும் சர்க்கரையையும் ‘கிரீம்’ செய்யச் சொன்ன வரிக்கு, ‘வெண்ணெயிலும் சர்க்கரையிலும் க்ரேம் தயாரியுங்கள்’ என்று எழுதினார். கலவை சார்ந்த மற்ற வினைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: ‘ஸ்மெஷாய்த்யெ’, கலக்குங்கள். தலைப்பு ‘கஃபேய்னி தோர்த்’, அதாவது காபி கேக்.

அத்தை கேக் செய்தார். செய்யும்போதே இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். முதல் கேள்வி: “காபியை எப்போது சேர்க்க வேண்டும்? எழுத மறந்துவிட்டாயா?” இரண்டாவது: “இந்த க்ரேமை கடைசியில் மேலே பூசுவதற்கு எடுத்து வைக்கட்டுமா?”

இரண்டும் நியாயமான கேள்விகள். அமெரிக்காவில் காபி கேக் என்பது காபியோடு சாப்பிடும் கேக். அதில் காபி கிடையாது. ரஷ்யமொழியில் ‘கஃபேய்னி’ என்ற பெயரடை வந்தால் காபி கலந்தது என்றே பொருள்படும். அதேபோல ரஷ்யமொழியில் ‘க்ரேம்’ என்பது கேக் அடுக்குகளுக்கு இடையிலும் மேலும் பூசுகிற இனிப்புக் குழைவு. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து க்ரேம் செய் என்றால், பயிற்சியுள்ள ரஷ்யக் கை அதை ஒதுக்கி வைத்துவிட்டு மாவுக்கலவைக்கு வேறு வெண்ணெய் தேடும்.

கேள்விகளுக்கு விடை சொல்லியாயிற்று. ஆனாலும் கேக் நடுவில் கூம்பி வெடித்தது. உள்ளே அடர்த்தியாக, வறண்டு இருந்தது. மேலே தூவியது போதவில்லை. “ரொட்டிபோல் இருக்கிறது, உங்கள் வீட்டில் சாப்பிட்டது இதுவல்ல” என்று அத்தை சொன்னார்.

## கப்பும் ஸ்தகானும்

என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது அத்தையின் டம்ளரைப் பற்றி. அவரிடம் இருந்தது ‘கிரன்யோனி ஸ்தகான்’, பக்கவாட்டில் பட்டை பட்டையாக முகங்கள் கொண்ட பழைய சோவியத் கண்ணாடி டம்ளர். அதில் விளிம்புக்குச் சற்றுக் கீழே, முகங்கள் முடிந்து வழவழப்பான வளையம் தொடங்கும். அந்தக் கோடு வரை நிரப்பினால் 200 மில்லி. விளிம்பு வரை நிரப்பினால் 250 மில்லி. ஒரே டம்ளருக்கு இரண்டு கொள்ளளவு. எந்தச் செய்முறை எதைக் கருதுகிறது என்பதை ரஷ்யச் சமையல் புத்தகங்களே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைதா என்றால் கோடு வரை சுமார் 130 கிராம், விளிம்பு வரை 160 கிராம் என்று அங்குள்ள அளவு அட்டவணைகள் சொல்லும். நம் வீட்டு டம்ளரும் ஆழாக்கும் ஊருக்கு ஊர் மாறுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அமெரிக்க கப் ஏறக்குறைய 237 மில்லி. அமெரிக்கச் சமையல் நூல்கள் ஒரு கப் மைதாவை 120 அல்லது 125 கிராம் என்று கணக்கிடுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். 237 மில்லிக்கும் 250 மில்லிக்கும் வேறுபாடு ஐந்தாறு சதவீதம்தான். ஆனால் 120 கிராமுக்கும் 160 கிராமுக்கும் வேறுபாடு மூன்றில் ஒரு பங்கு. பாத்திரத்தின் அளவு இதை விளக்காது. அளக்கிற கைதான் விளக்கும். அமெரிக்க நூல்களின் 120 கிராம், மாவைக் கிளறிவிட்டுக் கரண்டியால் மெல்ல எடுத்துக் கப்பில் போட்டு, தலைதட்டி அளந்தது. ரஷ்ய அட்டவணையின் 160 கிராம், மாவு அமுங்கி நிறைந்த டம்ளரின் எடை. மாவு காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். கோரினால் காற்று வெளியேறுகிறது.

சர்க்கரையில் இந்தத் தொல்லை இல்லை. மணிகள் அமுங்காது. அமெரிக்க கப் சர்க்கரையும் 200 கிராம்; 250 மில்லி ஸ்தகானுக்கு ரஷ்ய அட்டவணை தருவதும் 200 கிராம்தான். இதனாலேயே இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. இனிப்பு சரியாக இருக்கிறது, கேக் மட்டும் கெட்டியாகிறது. செய்தவர் ஓவன் மீதோ சோடா மீதோ சந்தேகப்படுகிறார்.

அத்தையை அவர் வழக்கப்படி இரண்டு ஸ்தகான் மைதா எடுத்து எடை பார்க்கச் சொன்னோம். 330 கிராம் இருந்தது.

## அவுன்ஸ்

கொட்டை குறைந்ததற்குக் காரணம் வேறு. அமெரிக்க அவுன்ஸ் இரண்டு வகை. ஒன்று எடை, 28.35 கிராம். மற்றொன்று திரவக் கொள்ளளவு, 29.57 மில்லி. ‘எட்டு அவுன்ஸ் ஒரு கப்’ என்பது இரண்டாவதைப் பற்றிய உண்மை மட்டுமே. எழுத்தில் இரண்டும் ஒரே சுருக்கமாக வரும்போது, பொருளைப் பார்த்துத்தான் எது என்று தீர்மானிக்க வேண்டும். தண்ணீர், பால் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கொள்ளளவு. சாக்லேட், சீஸ், கொட்டை, டப்பாவில் எடை போட்டு விற்பவை எல்லாம் எடை.

ஸ்மெதானாவில் இந்தக் குழப்பம் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதன் அடர்த்தி தண்ணீருக்கு மிக நெருக்கம் என்பதால் 227 கிராமும் 237 மில்லியும் கிட்டத்தட்ட ஒன்றே. நறுக்கிய கொட்டை அப்படியல்ல. ஒரு கப் நிறைய எடுத்தாலே சுமார் 110 கிராம்தான் வரும். நான்கு அவுன்ஸ் என்பது எடைக் கணக்கில் 113 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு முழு கப். கணவர் அதை அரை டம்ளராக எழுதியதால் பாதிக் கொட்டை காணாமல் போயிற்று. தேனாக இருந்திருந்தால் பிழை எதிர்த்திசையில் போயிருக்கும்: ஒரு கப் தேன் 340 கிராம். எட்டு அவுன்ஸ் எடையை ஒரு கப் என்று படித்தால் ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாக ஊற்றிவிடுவோம்.

## முதல் தீர்மானமும் இரண்டாம் கேக்கும்

கப், ஸ்தகான், அவுன்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிராமுக்கு மாறுவது என்று தீர்மானித்தோம். அத்தையிடம் சமையலறைத் தராசு இருந்தது. டீஸ்பூனை மட்டும் அப்படியே வைத்தோம். ஐந்து கிராமுக்குக் கீழே வீட்டுத் தராசை நம்புவதைவிடக் கரண்டியை நம்பலாம். ஆனால் ரஷ்யப் பழக்கத்தில் கரண்டி அளவு பெரும்பாலும் குவித்து எடுப்பது. அமெரிக்க டீஸ்பூன் தலைதட்டியது. எனவே ‘பெஸ் கோர்கி’, குவிக்காமல், என்ற இரு சொற்களைச் சேர்த்தோம்.

சோடாவுக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு தேவைப்பட்டது. ரஷ்ய வீடுகளில் சோடாவைக் கரண்டியில் எடுத்து, மேலே வினிகர் விட்டு, நுரைத்த பிறகு மாவில் சேர்க்கும் பழக்கம் ஆழமானது. இதற்குச் சோடாவை ‘அணைத்தல்’ என்று பெயர். இந்த கேக்கில் ஸ்மெதானாவின் புளிப்பே அந்த வேலையைச் செய்யும். கரண்டியிலேயே நுரை போய்விட்டால் மாவை எழுப்ப வேண்டிய வாயு காற்றில் கலந்துவிடும். ஆங்கில அட்டையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே தேவையும் இல்லை. ரஷ்யப் பிரதியில் ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதினோம்.

மைதாவுக்கு அட்டவணைப்படி 240 கிராம் என்று போட்டேன். இது என் பிழை.

கலக்கும் முறையையும் திருத்தி எழுதினோம்; அதைப் பின்னால் சொல்கிறேன். அத்தை இரண்டாவது முறை செய்தார். இந்த முறை கேக் மென்மையாக இருந்தது. ஆனால் மேலே தூவிய சர்க்கரையும் கொட்டையும் பாதி கீழே இறங்கிவிட்டன. நடுப்பகுதி சற்றுத் தாழ்ந்திருந்தது. மாவுக்கலவை இளகலாக இருந்தால் நடப்பது இதுதான்: மேல் அடுக்கைத் தாங்கும் அளவுக்கு அது இறுகுவதற்கு முன்பே கனமானவை மூழ்கிவிடுகின்றன.

## பாட்டியின் கை

ரஷ்யக் கையைப் பற்றி அவ்வளவு கேட்ட நான், அமெரிக்கக் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நூல்கள் சொல்லும் 120 கிராமைப் பாட்டிக்கும் பொருத்திவிட்டேன்.

மனைவியிடம், பாட்டி எப்படி மாவு எடுப்பார் என்று கேட்டோம். “டப்பாவுக்குள் கப்பை விட்டுக் கோருவார். கத்தியின் முதுகால் மேலே வழிப்பார். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்” என்றார். அப்படியே ஐந்து முறை எடுத்து எடை பார்க்கச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் 140 கிராமை ஒட்டியே வந்தது. இரண்டு கப் என்பது 280 கிராம்.

ஆக மூன்று எண்கள் நம் முன் இருந்தன. அத்தையின் கையில் 330, அட்டவணையில் 240, பாட்டியின் கையில் 280. மூன்றும் ‘இரண்டு கப் மைதா’ என்ற ஒரே சொல்லின் மொழிபெயர்ப்புகள். அட்டையில் எழுதியிருந்தது பாட்டியின் அளவு. ஆகவே சரியான மொழிபெயர்ப்பு 280.

மற்ற எண்களை விரைவாக முடித்தோம். வெண்ணெய் 115 கிராம். டம்ளரில் வெண்ணெயை அமுக்கி அளக்க அத்தை பட்ட சிரமத்தைக் கேட்ட பிறகு, அதை ஸ்தகானில் எழுதியதற்காகக் கணவர் வருந்தினார். பழுப்புச் சர்க்கரை அரை கப் 110 கிராம். அமெரிக்கச் செய்முறையில் அதை அமுக்கி அளப்பார்கள் என்பதைக் கணக்கில் கொண்டோம். ஸ்மெதானா 230 கிராம். பீக்கனுக்குப் பதிலாக அங்கே எளிதில் கிடைக்கும் வால்நட் 115 கிராம். 350 பாகை பாரன்ஹீட் கணக்கில் 177 செல்சியஸ். 180 என்று எழுதினோம்.

டின் பற்றிச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்பது அங்குலம் என்பதைக் கணவர் 23 சென்டிமீட்டர் என்று சரியாகவே மாற்றியிருந்தார். ஆனால் ‘சதுரம்’ என்பதை விட்டுவிட்டார். அத்தையிடம் இருந்தவை 24, 26 சென்டிமீட்டர் வட்ட டின்கள். முதல் இரண்டு கேக்குகளையும் 24 சென்டிமீட்டர் டின்னில்தான் சுட்டிருந்தார். 23 சென்டிமீட்டர் சதுரத்தின் பரப்பு சுமார் 530 சதுர சென்டிமீட்டர். 24 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 450தான். 26 சென்டிமீட்டர் வட்டம் 530க்கு மிக நெருக்கமாக வருகிறது. எனவே ‘26 செ.மீ. வட்ட டின்’ என்று எழுதினோம். அளவை மாற்றியிருந்தாலும் வடிவத்தை மாற்றாத குறை இது.

## வினைச்சொற்கள்

இனி என் மனத்துக்கு நெருக்கமான பகுதி. முதல் மொழிபெயர்ப்பில் எல்லா வினையும் ‘கலக்கு’ என்று வந்ததன் விளைவு சிறியதல்ல. மைதாவையும் ஸ்மெதானாவையும் ‘கலக்க’ச் சொன்னதால் அத்தை முட்டை அடிக்கும் பீட்டரை எடுத்து நான்கு நிமிடம் சுற்றியிருக்கிறார். மைதா ஈரம்பட்ட பிறகு அடிக்க அடிக்கப் பசையம் இறுகும். ரொட்டிக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். முதல் கேக் ‘ரொட்டிபோல்’ இருந்ததற்கு மிகையான மாவு ஒரு காரணம் என்றால், இந்த ஒரு வினை இன்னொரு காரணம்.

ஆங்கிலத்தில் ‘ஃபோல்டு’ என்றால் மடித்தல். அதை அகராதிப்படி ‘ஸ்லஜீத்’ என்று எழுதினால், துணியை மடித்து அடுக்குவதுபோல் ஆகிவிடும். ரஷ்யச் சமையலில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. ‘வ்மெஷாத்’ என்றால் ஒன்றினுள் மற்றொன்றைக் கலந்து சேர்த்தல். அதோடு ‘தட்டைக் கரண்டியால், கீழிருந்து மேலாக’ என்ற விளக்கத்தையும் சேர்த்தே ரஷ்யச் செய்முறைகள் எழுதுகின்றன. அந்த விளக்கம் அலங்காரமல்ல, அதுதான் வினையின் உயிர். கரண்டி அடியில் நுழைந்து மேலே வந்து கவிழ்கிற அந்த அசைவை ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியிருக்கிறது, ரஷ்யமொழி நான்கு சொற்களில் விரிக்கிறது. மொழிபெயர்ப்பு நீளமானதில் எனக்கு வருத்தமில்லை.

‘கிரீம்’ செய்வதற்கு இரண்டு சொற்கள் போட்டியிட்டன. ‘ரஸ்தெரேத்’ என்றால் தேய்த்துக் குழைத்தல். கிண்ணத்தில் மரக்கரண்டியால் வெண்ணெயையும் சர்க்கரையையும் தேய்க்கும் பழைய முறை. ‘வ்ஸ்பீத்’ என்றால் அடித்து நுரைக்க வைத்தல், பீட்டரின் வேலை. அத்தையிடம் பீட்டர் இருந்தது. அட்டை கேட்டதும் காற்றேறி வெளுத்த கலவையை. எனவே வ்ஸ்பீத். எதுவரை என்பதற்கு ரஷ்யமொழியில் ‘தபெலா’ என்ற அழகான சொல் இருக்கிறது: வெண்மையாகும்வரை. ‘லேசாகவும் பஞ்சுபோலவும்’ என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தால் இந்தச் சொல்லை இழந்திருப்போம்.

அடுத்தது வினையின் கூறு. ரஷ்ய வினைகள் பெரும்பாலும் இரட்டையாக வருகின்றன. ஒன்று செயல் முடிந்ததைக் குறிக்கும், மற்றொன்று செயல் நடந்துகொண்டிருப்பதைக் குறிக்கும். தமிழில் ‘அடித்துவிடுங்கள்’ என்பதற்கும் ‘அடித்துக்கொண்டே இருங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் போதும். முடிவு சொல்லப்படும்போது முதலாவது: தபெலா ஆகும்வரை ‘வ்ஸ்பீத்’. நேரம் சொல்லப்படும்போது இரண்டாவது: ஐந்து நிமிடம் ‘வ்ஸ்பிவாத்’. நாற்பது நிமிடம் சுடு என்றால் ‘விபெகாத்’, அதுவும் நடந்துகொண்டிருக்கும் வினை. கணவர் எல்லாவற்றையும் முடிந்த வினையாகவே எழுதியிருந்தார். புரியும். ஆனால் ரஷ்யக் காதில் உறுத்தும்.

அட்டையில் இல்லாமல் கணவர் சேர்த்திருந்த, ஓவனைத் திறக்காதே என்ற வரியில் அந்த உறுத்தல் பொருளையே மாற்றிவிட்டது. எதிர்மறையில் முடிந்த வினையை ஏவலாகச் சொன்னால், ரஷ்யமொழியில் அது தடையாக ஒலிக்காது. தவறிப்போய் நடந்துவிடாமல் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கையாக ஒலிக்கும். ‘விழுந்துவிடாதே’ என்கிறோமே, அதுபோல. ‘தெரியாமல் ஓவனைத் திறந்துவிடாதீர்கள்’ என்று அத்தை படித்திருக்கிறார். தடை என்றால் நடந்துகொண்டிருக்கும் வினையே வர வேண்டும்.

கடைசியாக, யார் யாரிடம் பேசுவது என்ற கேள்வி. ரஷ்யச் செய்முறைகள் மூன்று குரல்களில் எழுதப்படுகின்றன. ‘அடிக்கவும், சேர்க்கவும்’ என்று நாம் எழுதுவதற்கு நிகராக, யாரையும் விளிக்காத வினையெச்சக் குரல் ஒன்று. ‘அடியுங்கள், சேருங்கள்’ என்ற மரியாதை ஏவல் ஒன்று. ‘அடிக்கிறோம், சேர்க்கிறோம்’ என்று கூட நின்று செய்து காட்டும் குரல் ஒன்று. இது இணையத்திலும் காணொளிகளிலும் மிகுதி. கணவர் மரியாதை ஏவலில் எழுதியிருந்தார், அதில் பிழையில்லை. ஆனால் அத்தை இந்தச் செய்முறையைத் தம் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதி வைக்கப்போவதாகச் சொன்னார். அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். எல்லாம் வினையெச்சக் குரல். பொருள் பெயர் முதலில், கோடு, பிறகு கிராம். நாங்களும் அப்படியே எழுதினோம். ‘முகா, 280 கிராம்’ என்று தொடங்கியது புதிய பிரதி. தலைப்பு ‘ஸ்மெதானா பிரோக், காபியோடு சாப்பிட’ என்ற பொருள்படும்படி மாறியது. பிரோக் என்பது மாவில் சுடும் பண்டங்களுக்கான ரஷ்யப் பெயர்.

## மூன்றாம் கேக்

பிரதியை அனுப்பியதும் அத்தை அதில் ஒரே ஒரு திருத்தம் செய்தார். குத்திய குச்சி சுத்தமாக வெளிவரும்வரை என்பதை நான் முழு வாக்கியமாக எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு ‘தா ஸுகோய் ஸ்பீச்கி’ என்று எழுதினார்: உலர்ந்த தீக்குச்சி வரை. தீக்குச்சியால் குத்திப் பார்த்து, ஈரமாவு ஒட்டாமல் உலர்ந்து வருவது அங்குள்ள சோதனை. மூன்றே சொல்லில் முழுச் சோதனையும் அடங்கிவிட்டது. நான் ரஷ்யாவில் பலமுறை கேட்ட தொடர்தான். எழுதும்போது ஆங்கில வாக்கியம் கண்முன் இருந்ததால் நினைவுக்கு வரவில்லை.

கேக் சமமாக எழுந்தது. கொட்டை மேலேயே நின்றது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தீக்குச்சி உலர்ந்து வந்தது. அத்தை ஒரு துண்டை வெட்டி, உள்பக்கம் தெரியும்படி படமெடுத்து அனுப்பினார். மனைவி அந்தப் படத்தைப் பாட்டியின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

## இன்னொரு முறை செய்தால்

முதலாவது, எந்தக் கணக்கும் போடுவதற்கு முன் செய்முறைக்கு உரியவரை அவருடைய கப்பால் எடுத்து எடைபோடச் சொல்வேன். அட்டவணை, எழுதியவர் உயிரோடு இல்லாதபோதும் அவர் பழக்கம் அறிந்தவர் யாரும் இல்லாதபோதும் மட்டும்தான்.

இரண்டாவது, முதல் கேக்குக்கும் இரண்டாவதற்கும் இடையே மாவையும் கலக்கும் முறையையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். கேக் மென்மையானதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் அத்தை இன்னும் ஒரு கேக் சுட வேண்டியிருந்திருக்கும். ஆனால் 280 என்ற எண்ணுக்கு இன்னும் விரைவாக வந்திருப்போம்.

மூன்றாவது, வினைகளைத் தேர்வதற்கு முன் வாசிப்பவரின் நோட்டைப் பார்ப்பேன். நாங்கள் கடைசியில் கேட்ட அந்த ஒரு பக்கம், எந்தக் குரல், எந்த வரிசை, எந்தச் சுருக்கம் என்று எங்கள் ஐயங்களில் பாதியைத் தீர்த்தது.

சென்ற மாதம் அத்தை தம் பங்குக்கு ஒரு செய்முறையை அனுப்பியிருக்கிறார், உள்ளே முட்டைக்கோசு வைத்துச் சுடும் சிறிய மாவுப் பண்டமான பிரஷ்கிக்கு. பால், ஈஸ்ட், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் கிராம் இருக்கிறது. மாவுக்கு மட்டும் ‘ஸ்கோல்கா வஸ்மியோத்’ என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு என்று பொருள். பிசையும்போது கையில் ஒட்டுவது நிற்கும்வரை சேர்ப்பார்கள். அடுத்த முறை செய்யும்போது பிசையத் தொடங்குவதற்கு முன்பும் முடித்த பின்பும் மாவுப் பையை எடைபோட்டு எழுதி அனுப்பும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். அதோடு, எப்போது நிறுத்தினார், அப்போது மாவு கையில் எப்படி இருந்தது என்பதையும் அவர் சொல்லில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.